பெரியப்பாவின் வைப்புத்தொகை

கேள்வி: இறந்துபோன என் பெரியப்பாவின் வைப்புத்தொகைக்கு நான்தான் நாமினி. வங்கியில் வாரிசுச் சான்றிதழ் கேட்கிறார்கள். கடிதம் எப்படி எழுதுவது?
– வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: நாமினி பதிவாகியிருந்து, நீதிமன்றத் தடையும் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழோ ஜாமீன்தாரரோ கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிளை மேலாளருக்கு இப்படி எழுதுங்கள்:

"ஐயா, தங்கள் கிளையில் (எண்) வைப்புத்தொகை வைத்திருந்த என் பெரியப்பா (பெயர்) (தேதி) அன்று காலமானார். அதன் நாமினியான எனக்குத் தொகையை வட்டியுடன் வழங்க வேண்டுகிறேன்.

இணைப்பு:
1. நிரப்பிய உரிமைகோரல் படிவம்
2. இறப்புச் சான்றிதழ் நகல் (அசல் சரிபார்ப்புக்கு)
3. வைப்புத்தொகை ரசீது, அசல்
4. என் ஆதார் நகல்
5. என் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல்"

கொடுப்பதற்கு முன் ரசீது, இறப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீதில் 'கோவிந்தன்', சான்றிதழில் 'கோவிந்தசாமி' என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன சான்று ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வங்கியை விட்டுக் கிளம்பும் முன் கடித நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா ஆவணங்களும் சேர்ந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வங்கி பணம் தர வேண்டும். அந்த நாள் கணக்குக்கு இந்த முத்திரைதான் ஆதாரம்.

ஒன்றை மறக்காதீர்கள். பணத்தைப் பெறும் உரிமைதான் நாமினிக்கு. பெரியம்மாவும் பிள்ளைகளும் இருந்தால், சட்டப்படி அவர்களுக்குரிய பங்கை நீங்கள் கொடுத்தாக வேண்டும்.