இரண்டு பேருந்துகளும் எப்போது சேரும்?

ஊர்ச் சந்தை நிறுத்தத்திலிருந்து 5ஆம் எண் பேருந்து 12 நிமிடங்களுக்கு ஒருமுறையும், 7ஆம் எண் பேருந்து 18 நிமிடங்களுக்கு ஒருமுறையும் புறப்படுகின்றன. காலை 6 மணிக்கு இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டன. மறுபடியும் ஒன்றாகப் புறப்படுவது எப்போது?

அவசரக்காரர் 12ஐயும் 18ஐயும் பெருக்கி, 216 நிமிடங்கள் கழித்து என்பார். அதாவது 9.36 மணிக்கு. அப்போது இரண்டும் ஒன்றாகப் புறப்படுவது உண்மைதான். ஆனால் அதற்குள் அவை ஐந்து தடவை சேர்ந்து புறப்பட்டுப் போயிருக்கும்! காரணத்தைப் பாருங்கள். 12 = 2 × 2 × 3; 18 = 2 × 3 × 3. இரண்டிலும் பொதுவாக உள்ள 2 × 3, அதாவது 6, பெருக்கும்போது இருமுறை நுழைந்துவிடுகிறது. ஒருமுறை நீக்கிவிட்டால் 216 ÷ 6 = 36. இதுவே மீச்சிறு பொது மடங்கு. ஆகவே 6.36, 7.12, 7.48 என 36 நிமிடங்களுக்கு ஒருமுறை அவை சேரும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்காமல் தாண்டிவிடாதீர்கள். 6 மணிக்கு 'ஒன்றாக'ப் புறப்பட்டன என்றோம். முதல் 7ஆம் எண் வண்டி 6.06க்குப் புறப்பட்டால்? அதன் நேரங்கள் 6.06, 6.24, 6.42 ஆகும். 5ஆம் எண்ணுக்கோ 6.00, 6.12, 6.24. முதல் சந்திப்பு 6.24க்கே வந்துவிடுகிறது, அடுத்தது 36 நிமிடங்கள் கழித்து, 7.00 மணிக்கு. ஆக, இரு சந்திப்புகளுக்கு இடையே உள்ள காலத்தைத்தான் மீச்சிறு பொது மடங்கு சொல்கிறது. முதல் சந்திப்பை அது சொல்வதில்லை.

இன்னும் வேடிக்கை உண்டு. முதல் 7ஆம் எண் வண்டியை 6.04க்கு விடுவோம். 6.04, 6.22, 6.40, 6.58... இனி நாள் முழுவதும் காத்திருந்தாலும் இரண்டும் சேரா. 6 மணியிலிருந்து எண்ணினால் 5ஆம் எண்ணின் நிமிடங்கள் யாவும் 6ஆல் மீதியின்றி வகுபடும். 7ஆம் எண்ணின் நிமிடங்களை 6ஆல் வகுத்தால் எப்போதும் 4 மீதி வரும். 12, 18 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 6. முதல் வண்டிகளின் நேர வேறுபாடு இந்த 6ஆல் வகுபட்டால்தான் சந்திப்பு நிகழும்.

அப்படியானால் 36க்கு வேலை இல்லையா? இருக்கிறது. 7ஆம் எண்ணில் வந்து இறங்கி, 5ஆம் எண்ணில் ஏற வேண்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 6.04க்கு வந்தால் 8 நிமிடம் காத்திருப்பார், 6.22க்கு வந்தால் 2 நிமிடம்; 6.40க்கு வந்தால் மீண்டும் 8. இந்த வரிசை 36 நிமிடங்களுக்கு ஒருமுறை அப்படியே திரும்புகிறது.

2 நிமிடம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 6.22 வண்டி ரயில்வே கேட்டில் நின்று 3 நிமிடம் தாமதித்தால், 6.24 வண்டி போய்விட்டிருக்கும், அவர் 6.36 வரை, 11 நிமிடம் நிற்க வேண்டும். 7ஆம் எண்ணை ஒரு நிமிடம் முன்னதாக, 6.03க்கு விட்டால் காத்திருப்பு 9, 3 என மாறும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் கூடுகிறது. அதே 3 நிமிடத் தாமதத்தில், ஓடிப் போய் ஏறினால் வண்டி கிடைத்துவிடும்.