கட்டுச் சோறாக எடுத்துச் செல்லும் தயிர்ச் சோறு

காலை ஏழு மணிக்குப் பாத்திரத்தில் நிரப்பி மூடிய தயிர்ச் சோற்றை நண்பகல் பன்னிரண்டரை மணிக்குத் திறக்கும்போது இரு குறைகளுள் ஒன்று பெரும்பாலும் காணப்படுகிறது. சோறு இறுகிக் கட்டியாகி வறண்டு நிற்கும்; அல்லது நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு ஏறியிருக்கும். சில நாட்களில் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. வெளியூர்ப் பணிக்குச் செல்லும் ஊழியர்களும், மதிய உணவைக் கையில் கொண்டுவரும் ஆசிரியர்களும் மாணவர்களும் இதை நன்கு அறிவர். இவ்விரு குறைகளுக்கும் காரணங்கள் வெவ்வேறானவை. ஆகவே அவற்றைத் தனித்தனியே ஆராய்வது நலம்.

முதலில் வறட்சியை எடுத்துக்கொள்வோம். நன்கு மூடிய பாத்திரத்திலிருந்து நீர் ஆவியாகி வெளியேறுவது மிகச் சொற்பமே. அப்படியாயின் காலையில் தளர்வாக இருந்த சோற்றின் ஈரம் எங்கே போயிற்று? அது சோற்றுக்குள்ளேயே போயிற்று. அரிசி வேகும்போது அதிலுள்ள மாச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்துக் குழைகிறது. அடுப்பினின்று இறக்கிய பிறகும் இந்த உறிஞ்சுதல் உடனே நின்றுவிடுவதில்லை. தயிரிலுள்ள நீரையும் பருக்கை இழுத்துக்கொள்கிறது. சோறு ஆற ஆற மாச்சத்தின் நீண்ட இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைந்து இறுகுகின்றன. பழைய சோறு விறைத்து நிற்பதும் இதனாலேயே. இத்துடன், பால் உறைந்து தயிராகும்போதும் கலவை கெட்டிப்படுகிறது. ஆகவே உண்ணும் வேளையில் இருக்கவேண்டிய பக்குவத்தில் காலையிலேயே கலந்து வைத்தால், நண்பகலில் அது கட்டாயம் இறுகியே இருக்கும். நிரப்பும்போது சோறு கரண்டியிலிருந்து கூழ்போல் வழிந்து விழவேண்டும். பார்ப்பவர்க்கு அது சற்று நீர்த்ததாகவே தோன்றும், தோன்றட்டும்.

அரிசியின் வகையையும் கவனிக்க வேண்டும். புழுங்கலரிசிச் சோறு ஆறியதும் அதிகமாக விறைக்கும். பச்சரிசியே இதற்கு ஏற்றது. பழைய அரிசியாயின் நீர் கூடுதலாகவும், புது அரிசியாயின் சற்றுக் குறைவாகவும் வேண்டியிருக்கும். சோற்றை மசிப்பது சூடாக இருக்கும்போதே நடைபெற வேண்டும். ஆறிய பருக்கையை மசித்தால் அது குழையாது. துண்டு துண்டாக உடையும்.

இனிப் புளிப்பைப் பற்றி. தயிரில் வாழும் லாக்டிக் பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. தயிரைச் சோற்றில் கலந்ததும் அவை தம் வேலையை நிறுத்திவிடுவதில்லை. ஏறக்குறைய 37 முதல் 45 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பம் அவற்றுக்கு மிகவும் உகந்தது. சூடான சோற்றில் தயிரைக் கலந்து உடனே மூடி, பையில் வைத்துச் சுமந்து செல்வோமாயின், அவை விரும்பும் வெப்பத்தை மணிக்கணக்கில் நாமே காத்துக் கொடுத்தவராவோம். சோறு மிகவும் சூடாக இருந்தால் மற்றொரு கேடும் உண்டு. தயிரின் புரதம் சுருங்கித் திரிதிரியாகி, மஞ்சள் சாயல் கொண்ட நீர் தனியே பிரியும். அவ்வாறு பிரிந்ததை எவ்வளவு கலக்கினாலும் பழைய மென்மை வராது.

இவ்விரு தொல்லைகளுக்கும் நம் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் பரிகாரம் ஒன்றே: தயிருக்குப் பதிலாகப் பெரும்பகுதி பாலையே ஊற்றி, உறைக்குப் போதுமான அளவு தயிரை மட்டும் சேர்ப்பது. பால் சோற்றுக்கு வேண்டிய ஈரத்தைத் தருகிறது. வழியிலேயே அது மெல்ல உறைந்து, உண்ணும் நேரத்தில் புதுத் தயிராகிறது. வேறு சொற்களில் கூறினால், நாம் கட்டிக்கொண்டு போவது தயிர்ச் சோறு அன்று. தயிர்ச் சோறாகிக்கொண்டிருக்கும் பாற்சோறு.

இருவர்க்குப் போதுமான அளவை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். 100 கிராம் பச்சரிசியைக் கழுவி 400 மில்லிலிட்டர் நீரில் குழைய வேகவைக்கவும். இறக்கியதும் உப்புச் சேர்த்துச் சூட்டிலேயே நன்கு மசிக்கவும். காய்ச்சிய பால் 200 மில்லிலிட்டரை வெதுவெதுப்பான நிலையில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும். பின்னர் பாத்திரத்தைத் தண்ணீர் நிரம்பிய தட்டில் வைத்து, அவ்வப்போது கிளறி ஆறவிடவும். விரலை வைத்தால் சுடாமல் இளஞ்சூடாக மட்டும் தெரியும்போது, முந்தின இரவு உறைந்த புளிக்காத தயிர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து நன்றாகக் கலக்கவும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளிதத்தையும் ஆறவைத்தே சேர்க்க வேண்டும். பச்சை வெங்காயமும் வெள்ளரித் துண்டும் உப்புடன் சேர்ந்து நீர் விடுமாதலால், விரும்புவோர் அவற்றைத் தனியே கொண்டுசெல்லலாம். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஏறக்குறைய விளிம்பு வரை நிரப்பி மூடுக. ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் புளிப்புப் பண்டத்திற்கு உதவா.

மேற்கூறிய ஒரு கரண்டி என்னும் அளவு, சென்னையைப் போன்ற இடங்களில் சுமார் 30 டிகிரி வெப்பமுள்ள நாளுக்கும், ஐந்து அல்லது ஐந்தரை மணி நேர இடைவெளிக்கும் பொருந்தும். மே மாதத்தில் வேலூரில் வெயிலில் அலைபவர் அதில் பாதி சேர்த்தால் போதும். ஜனவரியில் டெல்லியில் வாழும் தமிழர் இதே அளவைப் பின்பற்றினால், நண்பகலில் உறையாத பாற்சோற்றையே காண்பார். அவர் மூன்று அல்லது நான்கு கரண்டி சேர்க்க வேண்டும். இவ்வளவு என்று எல்லா ஊர்க்கும் ஒரே விதி வகுத்தல் இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் நுண்வித்துகள் இருக்கக்கூடும். அவை கொதிநீரிலும் அழிவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்கும். வாந்தியை விளைவிக்கும் அந்நச்சு மறுபடி சூடாக்கினாலும் நீங்காது. மணத்தாலும் சுவையாலும் அதனை அறியவும் முடியாது. தயிரின் அமிலம் இப்பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆனால் பால் மிகுந்த கலவையில் அவ்வமிலம் உண்டாகச் சிறிது நேரம் பிடிக்கும். எனவே புளிப்பிற்கு அஞ்சி உறைத் தயிரை அறவே விட்டுவிடுதல் தவறு. இரவு வெளியில் கிடந்த சோற்றில் காலையில் பால் ஊற்றிக் கட்டுவதும் தவறு. அன்றைக்கு வடித்த சோற்றை விரைவில் ஆறவைத்து, ஆறு மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும். மூடியைத் திறந்ததும் நுரையோ, கள்ளின் நெடியோ, நூல்போல் இழுபடும் தன்மையோ தென்பட்டால், அச்சோற்றைக் கொட்டிவிடுவதே தகும்.

பயிற்சி வகுப்பில் இதனை எளிதில் காட்டலாம். மேற்கூறியவாறு குழைய வடித்த சோற்றை மூன்று சிறு பாத்திரங்களில் சமமாகப் பங்கிடுக. முதலாவதில், ஆறிய சோற்றுடன் முழுதும் தயிரைக் கலக்குக. இரண்டாவதில், இளஞ்சூட்டில் பாலும் சிறிது உறையும் சேர்க்க. மூன்றாவதில், கொதிக்கும் சோற்றிலேயே முழுதும் தயிரை ஊற்றி உடனே மூடித் துணியால் சுற்றி வைக்க. ஐந்து மணி நேரம் கழித்துத் திறந்தால், முதலாவது இறுகிப் புளித்திருக்கும். மூன்றாவதில் திரியும் பிரிந்த நீரும் தெரியும். இரண்டாவது கரண்டியில் வழுவழுப்பாக எழும். அதுவும் சற்றுக் கெட்டியாகத் தோன்றினால், மறுநாள் பாலை ஒரு கால் டம்ளர் கூட்டிக்கொள்க; தயிரைக் கூட்ட வேண்டாம்.