தொழில்நுட்பச் சுற்றுக்கு முன் ஒரு மின்னஞ்சல்



போன வருடம் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அழைப்பில் "தொழில்நுட்பச் சுற்று, 60 நிமிடம்" என்று மட்டும்தான் இருந்தது. கோடிங்தானே கேட்பாங்க என்று நானே முடிவு பண்ணி, இரண்டு வாரம் ஜாவாவில் அல்கோரிதம் கணக்குகளாகப் போட்டுப் பழகினேன்.

அன்றைக்கு வந்ததோ முழுக்க எஸ்கியூஎல். அதுவும் கூகுள் டாக்ஸில். எழுதியதை ஓட்டிப் பார்க்க முடியாது. பாதி தட்டினால் மீதியைக் காட்டும் வசதியும் இல்லை. மூன்று அட்டவணைகளை இணைக்கும் ஒரே கேள்வியில் 25 நிமிடம் போய்விட்டது. வேலை கிடைக்கவில்லை. எஸ்கியூஎல் எனக்குத் தெரியாத பாடமும் இல்லை. முன்கூட்டிக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை? "தயாராகாத ஆள் என்று நினைச்சிடுவாங்களோ" என்ற பயம். உண்மையில், கேள்விகள்தான் ரகசியம். சுற்று எப்படி நடக்கும் என்பது பெரும்பாலும் ரகசியம் இல்லை. நம்மை அழைத்த ஆள்சேர்ப்பு அதிகாரிக்கும் அந்த இடம் சீக்கிரம் நிரம்பினால் நல்லதுதான்.

என்ன எழுதினேன்

அடுத்த நிறுவனம் அழைத்தபோது, முதலில் அழைப்புக் கடிதத்தையும் வேலை விளம்பரத்தையும் முழுசாகப் படித்தேன். அங்கே ஏற்கெனவே சொன்னதைத் திரும்பக் கேட்டால் படிக்காத ஆள் என்று தெரிந்துவிடும். பிறகு, அழைப்பு வந்த அன்றே பதில் அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம் இது:

> வணக்கம். 14 மே, காலை 10 மணிச் சுற்றுக்கு அழைத்ததற்கு நன்றி. கட்டாயம் கலந்துகொள்கிறேன். தயார் செய்துகொள்ள மூன்று விவரங்கள் கேட்கலாமா?
>
> 1. 60 நிமிடமும் நேரலையில் கோடு எழுதுவதா, என் முந்தைய புராஜெக்ட் பற்றிய பேச்சும் உண்டா?
> 2. எந்தப் பகுதி அதிகம்: அல்கோரிதமா, எஸ்கியூஎல்லா, சிஸ்டம் டிசைனா? எஸ்கியூஎல் என்றால் மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரெஸா?
> 3. எந்தத் தளத்தில் எழுத வேண்டும்? அங்கே கோடை ஓட்டிப் பார்க்க முடியுமா?
>
> குழுவினரிடம் கேட்டுச் சொன்னாலும் போதும். நன்றி.

"என்ன கேட்பீர்கள்?" என்று நான் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இதுவா அதுவா என்று கேட்டேன். பதில் எழுதுகிறவர் பெரும்பாலும் கோடு எழுதுகிறவர் அல்ல. "என்னென்ன தலைப்புகள்?" என்றால் அவருக்கு விளக்கத் தெரியாமல் போகலாம். தேர்வு செய்யும் வடிவில் இருந்தால், கேள்வியை அப்படியே குழுவுக்கு அனுப்பிவிட்டு, வரும் பதிலை நமக்குத் திருப்பி அனுப்புவார்.

பதில் என்ன மாற்றியது

மறுநாள் பதில் வந்தது: 15 நிமிடம் புராஜெக்ட், 40 நிமிடம் எஸ்கியூஎல், 5 நிமிடம் என் கேள்விகள். தளம் கோடர்பேட், ஓட்டிப் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸ்.

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைக் காப்பாற்றியது. நான் பழகியது மைஎஸ்கியூஎல். மாதவாரியாக விற்பனையைக் கூட்ட வேண்டும் என்றால், என் கை தானாக முதல் வரியைத்தான் எழுதும். போஸ்ட்கிரெஸில் அது பிழை காட்டும், இரண்டாவதுதான் ஓடும்.

```
DATE_FORMAT(order_date, '%Y-%m')
TO_CHAR(order_date, 'YYYY-MM')
```

மீதி இருந்த நாட்களில் அல்கோரிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, இந்த மாதிரி வித்தியாசங்களையே பழகினேன். கோடர்பேட்டில் யாரும் பழகிப் பார்க்க ஒரு சாண்ட்பாக்ஸ் பக்கம் உண்டு. அங்கேயே எழுதிப் பார்த்தேன். புராஜெக்ட்டை 5 நிமிடத்தில் சொல்லி முடித்து, மீதி 10 நிமிடத்தைக் கேள்விகளுக்கு விடவும் பழகினேன். அந்தச் சுற்றில் தேறினேன்.

பதில் வராவிட்டால்?

"பொதுவான கோடிங்" என்று மட்டும் பதில் வரலாம். அப்போது ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கேள்வி: "எழுதும் இடத்தில் கோடு ஓடுமா, ஓடாதா?" அதற்கு மேல் தொல்லை கொடுக்க வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால், ஓடாது என்றே வைத்துக்கொண்டு வெறும் டாக்ஸில் எழுதிப் பழகுங்கள். ஒவ்வொரு வரியையும் மாதிரித் தரவு வைத்து வாயால் சொல்லிச் சரிபாருங்கள். அப்படிப் பழகினவருக்கு, ஓடும் தளம் கிடைத்தால் லேசாக இருக்கும். நான் பழகினது நேர்மாறாக.

பயிற்சி: உங்களுக்குப் பிடித்த ஒரு வேலை விளம்பரத்தை எடுங்கள். அதில் சொல்லாமல் விட்ட மூன்று விவரங்களை, "இதுவா, அதுவா" வடிவில் மூன்று கேள்விகளாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பதில் எப்படி வந்தால் உங்கள் படிப்பு எப்படி மாறும் என்று ஒரு வரி எழுதுங்கள். எதுவும் மாறாது என்றால், அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள்.