லாப்லாஸுக்கு ஆரம்ப மதிப்பு சுழியாக இருக்க வேண்டுமா?

லாப்லாஸ் உருமாற்றத்தால் ஒரு சமன்பாட்டைத் தீர்க்க வேண்டுமானால் ஆரம்ப மதிப்புகள் எல்லாம் சுழியாக இருந்தாக வேண்டும் என்று ஒரு பேச்சு பொறியியல் வகுப்புகளில் ஆண்டுதோறும் உலவுகிறது. எத்தனை முறை மறுத்தாலும் அடுத்த பருவத்தில் மறுபடி முளைக்கிறது. இதைவிடத் தலைகீழான நம்பிக்கை இருக்க முடியாது. y(t)-யை e^(−st)-ஆல் பெருக்கி 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் Y(s) கிடைக்கிறது. அதையே y'-க்குச் செய்து, பகுதித் தொகையிடலைப் போட்டுப் பாருங்கள்: sY − y(0) என்று வரும். அந்த y(0)-ஐ யாரும் கொண்டுவந்து ஒட்டவில்லை. தொகையின் கீழ் எல்லையிலிருந்து அது தானாக வந்து விழுகிறது. y''-க்கு s²Y − s·y(0) − y'(0). பழைய வழியில் பொதுத்தீர்வை எழுதி, C₁, C₂ என்று மாறிலிகளைச் சுமந்து, கடைசியில் ஆரம்ப மதிப்புகளால் அவற்றைக் கண்டுபிடிக்கிறோம். இங்கே அவை முதல் வரியிலேயே கணக்குக்குள் வந்துவிடுகின்றன. இந்த முறையின் பலமே அதுதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 1 ஹென்றி மின்சுருள், 3 ஓம் மின்தடை, 0.5 ஃபாரட் மின்தேக்கி ஆகியவை 4 வோல்ட் மூலத்தோடு தொடராக இணைந்திருக்கின்றன. மின்தேக்கியில் ஏற்கெனவே 1 கூலம் மின்னூட்டம் இருக்கிறது, மின்னோட்டம் இல்லை. சமன்பாடு q'' + 3q' + 2q = 4; q(0) = 1, q'(0) = 0. உருமாற்றினால் s²Q − s + 3(sQ − 1) + 2Q = 4/s. Q-ஐ ஒருபக்கம் ஒதுக்கினால்:

Q = (s² + 3s + 4) / (s(s+1)(s+2))

பகுதிப் பின்னங்களாகப் பிரித்தால் 2/s − 2/(s+1) + 1/(s+2). ஆக q = 2 − 2e^(−t) + e^(−2t). ஆரம்ப மின்னூட்டத்தைச் சுழி என்று வைத்திருந்தால் 2 − 4e^(−t) + 2e^(−2t) வந்திருக்கும். இரண்டும் கடைசியில் 2 கூலத்தில்தான் போய் நிற்கின்றன. தொடக்கத்தில் இருந்த மின்னூட்டம் வேலை செய்வது நடுவில், அந்த அடுக்குக்குறி உறுப்புகளில்.

விடைத்தாளில் மதிப்பெண் போகும் இடமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. q''-ஐ உருமாற்றும்போது q(0)-ஐ ஒழுங்காக எழுதிவிட்டு, 3q'-க்கு வரும்போது வெறும் 3sQ என்று எழுதி −3-ஐ விட்டுவிடுகிறார்கள். அப்போது 2 − 5e^(−t) + 4e^(−2t) வரும். t = 0 போட்டால் இதுவும் 1 தருகிறது! சரிபார்த்தாயிற்று என்று மாணவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். ஒருமுறை வகையிட்டுப் பார்த்திருந்தால் q'(0) = 5 − 8 = −3 என்று குட்டு வெளிப்பட்டிருக்கும். இரண்டாம் வரிசைச் சமன்பாட்டுக்கு இரண்டு ஆரம்ப மதிப்புகளையும் சோதிக்க வேண்டும், ஒன்று போதாது.

“கட்டுப்பாட்டு அமைப்புகள் பாடத்தில் சுழி என்றுதானே சொல்கிறார்கள்?” என்று கேட்பார்கள். சொல்வது உண்மை, ஆனால் அது டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனுக்கான நிபந்தனை. வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்து, அமைப்பை மட்டுமே பொறுத்த ஒரு விகிதம் வேண்டுமென்றால், மின்தேக்கியில் முன்பே தேங்கியிருப்பது அதில் கலக்கக் கூடாது. மேலே உள்ள கணக்கில் s + 3 என்ற பகுதி ஆரம்ப மின்னூட்டத்தால் வந்தது, 4/s மூலத்தால் வந்தது. முன்னதை விலக்கினால்தான் விகிதம் 1/(s² + 3s + 2) ஆகிறது. ஒரு வரையறைக்காகப் போட்ட நிபந்தனையை முறை முழுவதற்கும் சட்டமாக்குவது என்ன நியாயம்?

இரண்டு ஆரம்ப மதிப்புகளையும் சோதிக்கச் சொன்னதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்றும் உண்டு. t = 0-வில் δ(t) என்ற திடீர் அடி விழுந்தால் எந்த மதிப்பைப் போடுவது? அடிக்கு முந்தைய மதிப்பை. y'' + 3y' + 2y = δ(t), முன்பு எல்லாம் சுழி என்றால் விடை e^(−t) − e^(−2t); அடி விழுந்த உடனே y' சுழியிலிருந்து 1-க்குத் தாவிவிடுகிறது. இங்கே y'(0) பொருந்தவில்லையே என்று விடையை அடித்துவிடாதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். எல்லா வகைக்கெழுச் சமன்பாட்டையும் லாப்லாஸ் தீர்க்கும் என்பது தவறு: ஊசலின் சமன்பாட்டில் sin θ இருந்தால் முறை அங்கேயே நின்றுவிடும், e^(t²) போன்ற விசைக்கு உருமாற்றமே கிடையாது. நிபந்தனை t = 1-இல் தரப்பட்டால் முறை உதவாது என்பதும் தவறு; τ = t − 1 என்று மாற்றிக்கொண்டால் போதும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை சுருக்கமாக முடியும் என்று கேள்விக்குக் கேள்வி y(0) = y'(0) = 0 என்று போடுவதை நிறுத்துங்கள். இரண்டு ஆரம்ப மதிப்புகளையும் விடையில் சரிபார்த்துக் காட்டுவதற்குத் தனியாக 2 மதிப்பெண் வையுங்கள். விட்டுப்போன அந்த −3-ஐ மாணவர்களே பிடித்துவிடுவார்கள்.