சூத்திரத் தாளில் மூன்றாவது கட்டம்

குரூப் 4 எழுதப் போகிற பிள்ளைகள் சில பேர் சாயங்காலம் கன்னிவாடியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். பயிற்சி மையத்துக்குத் தினமும் திண்டுக்கல் போய்வர வசதிப்படாதவர்கள். தமிழையும் பொது அறிவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நானும் அதே தேர்வு எழுதி வேலைக்குப் போனவன் என்பதால், கணக்குக்கு மட்டும் என்னிடம் வருகிறார்கள்.

அந்தத் தாளில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். சராசரியாக ஒரு கேள்விக்கு 54 விநாடிதான். இதில் 25 கேள்விகள் திறனறிவுப் பகுதியில் வரும். கால்குலேட்டர் கிடையாது. அதனால்தான் எல்லார் பையிலும் ஒரு சூத்திரத் தாள் இருக்கிறது. பெரும்பாலும் அது பாடவாரியாக எழுதியதாக இருக்கும். ஆனால் தேர்வுக் கூடத்தில் கேள்விக்கு மேலே பாடத்தின் பெயர் அச்சாகியிருக்காது. ஆகவே எங்கள் திண்ணையில் தாளை மூன்று கட்டமாகப் பிரிக்கிறோம். முதல் கட்டத்தில் கேள்வி எப்படிக் கேட்கப்படும் என்பது, இரண்டாவதில் குறுக்குவழி, மூன்றாவதில் அந்தக் குறுக்குவழி எங்கே செல்லாது என்பது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் இரண்டாவதை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

வட்டிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 12,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 5% வீதம், 2 ஆண்டுகளுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? இரண்டு வட்டியையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கழிப்பவர்கள் இரண்டு நிமிடத்தைச் செலவழிப்பார்கள். அசல் × (வீதம்/100)² என்ற சூத்திரம் தெரிந்தவர்கள் 30 என்று உடனே எழுதுவார்கள். இந்தச் சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மனப்பாடமே வேண்டாம். முதல் ஆண்டு வட்டி இரண்டு முறையிலும் ஒன்றுதான், 600 ரூபாய். கூட்டுவட்டியில் அந்த 600 ரூபாயும் இரண்டாம் ஆண்டு 5% சம்பாதிக்கிறது. அதுதான் இந்த 30.

மூன்றாவது கட்டத்தில் எழுத வேண்டியது இது: இரண்டு ஆண்டுக்கு மட்டும். கேள்வியில் 3 ஆண்டு என்றிருந்தால் அந்த 30 ரூபாயை (3 + வீதம்/100) ஆல் பெருக்க வேண்டும். இங்கே 30 × 3.05, அதாவது 91.50. இதற்கு விடைக் கட்டங்களில் 60, 90 என்று சில எண்கள் காத்திருக்கும். 30-ஐ இரண்டாலோ மூன்றாலோ பெருக்கியவர்கள் அங்கே போய் விழுவார்கள்.

"அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிடப்பட்டால்" என்று கேட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. 8,000 ரூபாய், 10%, ஓர் ஆண்டு என்றால், 5% வீதம் இரண்டு தவணை என்று மாற்றிக்கொண்டு அதே சூத்திரத்தைப் போடலாம். வித்தியாசம் 20 ரூபாய்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24%. வீட்டில் அதைக் கேட்டே வளர்ந்த ஒரு பெண், "அண்ணே, ரெண்டு சதவீதம்னா மாசத்துக்குத்தானே?" என்று கேட்டாள். தேர்வுத் தாளில் வீதம் ஆண்டுக்குத்தான். மாதம் என்றால் மாதம் என்றே எழுதியிருப்பார்கள்.

பணம் இரட்டிப்பாகும் கேள்வியில் ஒரே ஒரு சொல்தான் விடையைத் தீர்மானிக்கும். ஒரு தொகை 8 ஆண்டில் இரு மடங்காகிறது, எத்தனை ஆண்டில் எட்டு மடங்காகும்? தனிவட்டி என்றால் ஒவ்வொரு 8 ஆண்டும் ஓர் அசல் அளவு வட்டி சேரும். எட்டு மடங்குக்கு இன்னும் ஏழு அசல் வேண்டும், 56 ஆண்டு. கூட்டுவட்டி என்றால் இரண்டு, நான்கு, எட்டு என மூன்று தாவல், 24 ஆண்டு. கேள்வியைப் படிக்கும்போதே "தனி", "கூட்டு" என்ற சொல்லின் கீழ் பேனாவால் கோடு போடச் சொல்வேன்.

அடுத்து காலமும் வேலையும். ஒருவர் 12 நாளில், இன்னொருவர் 18 நாளில் ஒரு வேலையை முடிப்பார், சேர்ந்து செய்தால்? இங்கே பின்னத்தைத் தொடவே வேண்டாம். 12, 18 இரண்டின் மீ.சி.ம 36. மொத்த வேலையை 36 பங்கு என்று வைத்துக்கொண்டால், முதல்வர் நாளுக்கு 3 பங்கு, இரண்டாமவர் 2 பங்கு. சேர்ந்து 5 பங்கு. 36 ÷ 5, ஆக 7⅕ நாள்.

கேள்வியைத் திருகும் இடம் ஒருவர் பாதியில் விலகுவது. "4 நாளுக்குப் பிறகு முதல்வர் விலகினார்" என்றால் முன்னாலிருந்து கணக்குப் போட வேண்டும்: 4 நாளில் 20 பங்கு முடிந்தது, மிச்சம் 16 பங்குக்கு இரண்டாமவருக்கு 8 நாள், மொத்தம் 12 நாள். "வேலை முடிய 3 நாள் இருக்கும்போது விலகினார்" என்றால் பின்னாலிருந்து வர வேண்டும். அவர் விலகவே இல்லை என்று வைத்து, அந்த 3 நாளில் செய்திருக்கக்கூடிய 9 பங்கை 36-உடன் கூட்டினால் 45. அதை 5-ஆல் வகுத்தால் 9 நாள். சரிபார்த்தால், முதல்வர் 6 நாளில் 18, இரண்டாமவர் 9 நாளில் 18, கூட்டினால் 36. இந்த இரண்டு வாக்கியங்களையும் தாளில் அடுத்தடுத்து எழுதி வையுங்கள். தனித்தனியாக எழுதினால் வேறுபாடு கண்ணில் படாது.

"15 பேர் 8 நாளில் முடிப்பதை 10 பேர் எத்தனை நாளில்" என்பதற்கு ஆள் × நாள் மாறாது என்ற ஒரு வரி போதும். 120 ÷ 10, 12 நாள். எல்லாரும் ஒரே வேகத்தில் வேலை செய்பவர்கள் என்றால் மட்டும்தான் இது செல்லும்.

விழுக்காட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். தக்காளி விலை 25% ஏறினால், செலவு மாறாமலிருக்க வாங்கும் அளவை எவ்வளவு குறைக்க வேண்டும்? 25 என்று கைபோகும். 25% என்பது ¼. ஏற்றம் என்றால் மேலே உள்ளதைக் கீழே கூட்டு: ⅕, அதாவது 20%. 40% ஏறினால் ⅖, அது 2/7 ஆகும். விலை இறங்கினால் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும்: ¼ இறங்கினால் ⅓ கூடுதலாக வாங்கலாம்.

மீதிக் கணக்கு சுருக்கமானது. 6, 8, 12 மூன்றாலும் வகுத்தால் மீதி 5 வரும் மிகச் சிறிய ஈரிலக்க எண், மீ.சி.ம 24-உடன் 5 கூட்டினால் 29. மீதி 4, 6, 10 என்று வெவ்வேறாக இருந்தால் வகுக்கும் எண்ணிலிருந்து மீதியைக் கழித்துப் பாருங்கள். மூன்றிலும் 2 வருகிறது. எனவே 24 − 2, விடை 22. கழித்த எண் மூன்றிலும் ஒன்றாக வராவிட்டால் இந்த வழியை விட்டுவிட்டு விடைக் கட்டங்களில் உள்ள எண்களையே வகுத்துப் பார்ப்பதுதான் வேகம்.

கடையில் விற்கிற சூத்திரப் புத்தகங்களில் ரயில், படகு, நீரோட்டம் என்று பல பக்கம் வரும். குரூப் 4 பாடத்திட்டத்தில் காலமும் வேலையும் உண்டு. ரயில், படகு, நீரோட்டம் பெயர் சொல்லி இல்லை. அந்தப் பக்கங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வட்டி வித்தியாசமும் வேலைக் கணக்கும் எட்டாம் வகுப்புப் பாடநூலின் "வாழ்வியல் கணிதம்" இயலிலேயே இருக்கின்றன. பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மூன்றாவது கட்டத்தை அவற்றிலிருந்து நிரப்புங்கள், என் தாளைப் பார்த்து எழுதாதீர்கள்.