சிக்னல் போனால் சும்மா இருக்கலாகாது

சிம் மாற்று மோசடியில் நம் கைபேசி திருடு போவதில்லை. எண் மட்டுமே பறிபோகிறது. நம் ஆதார் நகலையும் நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் முன்பே கவர்ந்தவன், சிம் தொலைந்ததாகக் கூறி நம் எண்ணுக்கு மாற்று சிம் வாங்குகிறான். அது இயங்கியதும் நம் சிம் செத்துவிடும். பின்னர் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அவனுக்கே போகும்.

சனிக்கிழமை மாலை நம் போனில் சிக்னல் இல்லை, அதே கம்பெனி சிம் வைத்துள்ள பக்கத்துக் கடைக்காரருக்கு இருக்கிறது என்றால், திங்களன்று பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி செல்லாதபடி தொலைத்தொடர்புத் துறை 2022-இல் உத்தரவிட்டது. அந்த அவகாசத்திலேயே வேறு போனிலிருந்து கம்பெனியை அழைத்து சிம்மை முடக்குவோம். வங்கியிடம் சொல்லி நெட் பேங்கிங்கை நிறுத்துவோம். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணில் புகார் செய்வோம்.