வெபினார் சொன்ன வரிசை உங்களுக்கான வரிசை அல்ல

பணத்தைக் கையாள்வது பற்றிய ஒன்றரை மணி நேர வெபினாரைக் கேட்டு முடித்தவர் கையில் நான்கு பக்கக் குறிப்புகள் இருக்கும். அதைச் செய்யவேண்டிய பட்டியலாக மாற்ற மூன்று வழிகள் உண்டு. பேசியவர் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொள்ளலாம். எதில் அதிக லாபமோ அதை முதலில் வைக்கலாம். அல்லது, எதைச் செய்யாமல் விட்டால் அதிக நஷ்டமோ அதை முதலில் வைக்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்றாவது வழிதான் சரி என்பது என் கருத்து. முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில், அதாவது பேசியவர் விற்க வந்த பொருளில், கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இலவச வெபினார்கள் பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் விலைவாசி ஏற்றம் பணத்தின் மதிப்பைத் தின்கிறது என்ற எச்சரிக்கை. அடுத்து, மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபியில் போட்டால், ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ச்சி என்ற கணக்கில், 20 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு கோடி என்ற வரைபடம். பிறகு சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த ஒரு திட்டம், 'இன்று இரவு வரை' என்ற சலுகையோடு. கிரெடிட் கார்டு பாக்கி, மருத்துவக் காப்பீடு, நாமினி ஆகியவை கடைசிக் கேள்வி நேரத்தில் யாராவது கேட்டால் இரண்டு வரியில் வரும். ஒரு தொடக்கநிலையாளருக்கு உடனே தேவைப்படும் விஷயங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கின்றன. ஆகவே குறிப்பெடுப்பவர் வெபினாரின் கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் படிப்பது நல்லது.

வரிசைக்கு முன் வடிகட்டல். ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் நிறுவனத்தின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் அடித்துவிட்டு, மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். 'உங்களை நம்பி இருப்பவர்கள் இருந்தால் ஆயுள் காப்பீடு எடுங்கள்' என்பது பெயரை எடுத்த பிறகும் நிற்கும். 'எங்கள் திட்டத்தில் பாதுகாப்பும் வருமானமும் வரிச்சலுகையும் ஒருங்கே கிடைக்கும்' என்பதில் பெயரை எடுத்தால் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. நிற்பது பட்டியலுக்கு, மற்றதைத் தனித்தாளில் ஒதுக்குங்கள். பேசியவர் யாரிடமிருந்து ஊதியம் பெறுகிறார் என்பதும் இங்கே உதவும். திரையின் மூலையில் உள்ள பதிவெண் ARN என்று தொடங்கினால் அவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். ஃபண்ட் நிறுவனம் அவருக்குக் கமிஷன் தரும். INA என்று தொடங்கினால் செபியில் பதிவான முதலீட்டு ஆலோசகர். வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குபவர். கமிஷன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் அந்தச் செலவு யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும். 2013 ஜனவரி முதல் எல்லா மியூச்சுவல் ஃபண்டுகளிலும் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' வகை உண்டு. மேலே சொன்ன ஒரு கோடிக் கணக்கில் ஆண்டுச் செலவு ஒரு சதவீதம் கூடினால், அதாவது வளர்ச்சி 11 சதவீதமானால், முடிவில் சுமார் 87 லட்சம்தான் கிடைக்கும். 12 லட்சத்துக்கும் மேலான இந்த வித்தியாசத்தை எத்தனை வரைபடங்களில் காட்டுகிறார்கள்?

சில விளம்பரங்கள் பெயரை நீக்கினாலும் அறிவுரை போலவே தோன்றும். 'காப்பீட்டிலேயே சேமிப்பும் வரட்டும்' என்பது அப்படிப்பட்டது. அதை எண்ணால்தான் சோதிக்க முடியும். வரிச்சலுகை விதிகளை ஒட்டி, இத்தகைய பாலிசிகளில் காப்புத்தொகை பொதுவாக ஆண்டு பிரீமியத்தைப்போல் பத்து மடங்காக இருக்கும். ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டினால் காப்பு 5 லட்சம். மாதம் 30,000 ரூபாய் செலவாகும் குடும்பத்தில் சம்பாதித்தவர் இல்லாமற்போனால் அந்தத் தொகை பதினேழு மாதம்கூடத் தாங்காது. சேமிப்பு கலக்காத டேர்ம் இன்சூரன்சில் இதைவிடப் பன்மடங்கு பெரிய காப்பை, இதைவிட மிகக் குறைந்த பிரீமியத்தில் வாங்கலாம். ஆகவே பட்டியலில் எழுத வேண்டியது 'டேர்ம் காப்பு, குடும்பச் செலவைக் கணக்கிட்டு' என்பது மட்டும்.

இனி வரிசை. கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி, சேமிப்பாக ஒன்றுமில்லை, மாதம் 5,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடியும் என்ற நிலையில் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் முதல் மாத வட்டியே 2,100 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. அந்த 5,000 ரூபாயை எஸ்ஐபியில் போட்டால், எல்லாம் சொன்னபடி நடந்தாலும், மாதத்துக்குச் சுமார் 50 ரூபாய் வளரும். கார்டில் கட்டினால் 175 ரூபாய் வட்டி மிச்சமாகும், அதுவும் நிச்சயமாக. ஆனாலும் கார்டுக்கும் முன்னால், இவருடைய பட்டியலில் முதல் வேலை கையில் ஒரு சிறு இருப்பு, ஒரு மாதச் செலவில் பாதி அளவுக்காவது. அது இல்லாமல் கார்டை அடைத்தால், அடுத்த ஆஸ்பத்திரிச் செலவு அதே கார்டில்தான் ஏறும். இரண்டாவது கார்டு பாக்கி. மருத்துவக் காப்பீடும், நம்பியிருப்பவர்கள் இருந்தால் டேர்ம் காப்பும் மூன்றாவது. பிரீமியம் சிறியதென்றால் இவற்றைக் கடன் தீரும் வரை காக்க வைக்காமல் கூடவே எடுப்பது நல்லது; ஒரு விபத்தின் நஷ்டம் எந்த வட்டியையும் விடப் பெரியது. நான்காவது, மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான அவசரகால நிதி, வங்கியிலேயே. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான வைப்பு காப்பீடு செய்யப்பட்டிருப்பதால் அதை அங்கே வைக்கத் தயங்க வேண்டாம். எஸ்ஐபி இவற்றுக்குப் பிறகுதான். நாமினி பதிவது மட்டும் வரிசைக்குக் கட்டுப்படாது. காசு செலவில்லாத வேலை, இன்றே முடிக்கலாம்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, தாமதித்தால் கூட்டுவட்டியின் பலனை இழப்போம் என்பது. தாமதத்துக்கு விலை உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதே கூட்டுவட்டி கார்டு பாக்கியில் மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் எதிர்த்திசையில் ஓடுகிறது. தவிர, ஆண்டுக்கு 12 சதவீதம் என்பது அனுமானம், மாதம் 3.5 சதவீதம் என்பது ஒப்பந்தம். வீட்டுக்கடன் போன்ற குறைந்த வட்டிக் கடனுக்கு இந்த வாதம் பொருந்தாது. அதை அடைத்துக்கொண்டே முதலீட்டையும் தொடங்கலாம். நிறுவனம் பிஎஃப் பங்கு கட்டுகிறது என்றால் அதையும் இந்த வரிசைக்காக விட்டுவிடக் கூடாது. இன்னொரு மறுப்பு, விளம்பரத்தை நீக்கினால் நல்ல திட்டமும் போய்விடுமே என்பது. போகாது, தனித்தாளில் இருக்கும். பட்டியலில் அதற்குரிய வரி வரும்போது, அதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டோடு வைத்துச் செலவையும் நிபந்தனைகளையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

அந்த வரி வருவதற்கு முன் எந்தச் சலுகைக்கும் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே கேட்ட வேகத்தில் ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசி வாங்கிவிட்டீர்கள் என்றால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பு இருந்த நாட்களுக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி.